எம்.டி. படிக்கப்போகும் மூன்று வாக்கியங்கள்: மூன்று விதமாக எழுதிப் பார்த்தால்

விளம்பர அறிக்கை நாற்பது பக்கம் இருக்கலாம். நிறுவனத்தின் எம்.டி. படிப்பது முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று வாக்கியங்களைத்தான். அதையும் பெரும்பாலும் காரில் போகும்போது போனில் படிப்பார். அடுத்த சீசனுக்கு எவ்வளவு பணம், எதற்குப் பணம் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஒரே அறிக்கைக்கு மூன்று விதமாகச் சுருக்கம் எழுதி, ஒவ்வொன்றும் அவரை எந்த முடிவுக்குக் கொண்டுபோகிறது என்று பார்க்கலாம்.

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 12 ஷோரூம்கள். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கம் 9. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவிலில் 3. நிறுவனமும் விற்பனைக் கணக்கும் உதாரணத்துக்காக நான் போட்டவை. தேதிகளும் வரி விகிதங்களும் உண்மையானவை. இந்தக் கதையே வரியைச் சுற்றித்தான் நடக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் ₹50,000 விலையுள்ள டிவியின் பில் ₹64,000-லிருந்து ₹59,000 ஆனது. வரி குறையப்போகிறது என்ற பேச்சு ஆகஸ்ட் மாதமே வந்துவிட்டதால், வாங்க நினைத்தவர்கள் காத்திருந்து 22-ஆம் தேதிக்குப் பிறகு கடைக்கு வந்தார்கள். ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 2018 ஜூலையிலிருந்தே 18 சதவீதம்தான், அவற்றில் எதுவும் மாறவில்லை. நம் நிறுவனம் தீபாவளி விளம்பரத்தைத் தொடங்கியதும் அதே செப்டம்பர் 22-இல்தான். மதுரைப் பக்கத்து 9 கடைகளுக்கு மட்டும் விளம்பரம். தெற்கே உள்ள 3 கடைகளுக்கு வேண்டுமென்றே எதுவும் செய்யவில்லை.

முதல் சுருக்கம், நடந்ததை வரிசையாகச் சொல்வது:

"செப்டம்பர் 22 முதல் தீபாவளி வரை 9 ஷோரூம்களுக்கு நாளிதழ், எஃப்.எம்., மெட்டா, கூகுள் ஆகியவற்றில் ஒருங்கிணைந்த விளம்பரம் செய்தோம். மக்களிடம் நல்ல வரவேற்பு கிடைத்தது, கடைக்கு வருவோர் எண்ணிக்கையும் கணிசமாக உயர்ந்தது. இந்த அனுபவத்தைக் கொண்டு பொங்கலுக்கும் சிறப்பாகத் திட்டமிட்டு வருகிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்த பிறகு எம்.டி. செய்ய வேண்டியதும் எதுவும் இல்லை. விளம்பரம் ஓடியது அவருக்கு ஏற்கெனவே தெரியும், பில்லில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். 'கணிசமாக' என்ற இடத்தில் எண் வந்திருக்க வேண்டும். விளம்பரத்துக்காக ராப்பகலாக உழைத்த குழுவுக்கு அனுப்பும் கடிதத்தின் தொடக்கமாக இது பொருந்தும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, எண்களை முன்னே வைப்பது:

"₹18 லட்சம் செலவில் 9 கடைகளின் விற்பனை ₹10 கோடியிலிருந்து ₹12.5 கோடியாக, அதாவது 25 சதவீதம் உயர்ந்தது. டிஜிட்டலில் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் ₹13 விற்பனை வந்தது. பொங்கலுக்கு விளம்பர பட்ஜெட்டை ₹30 லட்சமாக உயர்த்தப் பரிந்துரைக்கிறோம்."

பார்க்க மிக நன்றாக இருக்கிறது. பெரும்பாலான அறிக்கைகள் இப்படித்தான் வருகின்றன, பெரும்பாலான எம்.டி.க்களும் இதற்குத்தான் 'ஓகே' போடுகிறார்கள். எனக்கு மூன்றிலும் அதிக பயம் தருவது இதுதான். முதலாவதைப் படித்தால் எதுவும் நடக்காது. இதைப் படித்தால் ₹12 லட்சம் கூடுதலாகச் செலவாகும்.

முதலில் அந்த 13 மடங்கைப் பார்ப்போம். கடை பில்லில் உள்ள போன் எண்களை மெட்டாவிலும் கூகுளிலும் ஏற்றினால், எந்த விற்பனை தங்கள் விளம்பரத்தால் வந்தது என்று அவை கணக்குச் சொல்லும். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தொட்ட 7 நாட்களுக்குள், அல்லது வெறுமனே பார்த்த 1 நாளுக்குள் வாங்கியவர் மெட்டாவின் கணக்கில் வருவார். கூகுளில் தொட்ட 30 நாட்கள் வரை வருவார். மாலையில் இன்ஸ்டாகிராமில் ஃபிரிட்ஜ் விளம்பரம் பார்த்து, இரவு கூகுளில் கடை முகவரியைத் தேடி விளம்பரத்தைத் தொட்டு, மறுநாள் வந்து வாங்கியவரின் ஒரே பில்லை இரண்டு பேரும் தனித்தனியாகத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வார்கள். இரண்டையும் கூட்டிப் போட்டால் ஒரே ஃபிரிட்ஜ் இரண்டு முறை விற்றதாகிவிடும். இரட்டிப்பைக் கழித்தாலும் முக்கியமான கேள்வி நிற்கிறது: விளம்பரமே இல்லாவிட்டாலும் அவர் வந்திருப்பாரா?

அந்தக் கேள்விதான் 25 சதவீதத்துக்கும். வரி குறைந்த மாதத்தில் டிவி விற்றதை விளம்பரத்தின் வெற்றியாக எழுதலாமா? இதற்குத்தான் தெற்கே உள்ள 3 கடைகள். வரி ஒன்றே, தீபாவளி ஒன்றே, விளம்பரம் மட்டும் இல்லை. அங்கேயும் விற்பனை 17 சதவீதம் ஏறியிருக்கிறது. ஆக, விளம்பரத்தின் பங்கு என்று சொல்ல மிஞ்சுவது 8 சதவீதம்.

பொருள்வாரியாகப் பிரித்தால் இன்னும் தெளிவாகும். விளம்பரம் செய்த கடைகளில் டிவியும் ஏசியும் ₹4 கோடியிலிருந்து 40 சதவீதம் ஏறின. விளம்பரம் இல்லாத கடைகளில் 38 சதவீதம். 2 சதவீத வித்தியாசம் எந்தச் சனிக்கிழமையும் வரக்கூடியது. ஆனால் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விளம்பரம் செய்த கடைகளில் ₹6 கோடியிலிருந்து 15 சதவீதம் ஏறின, மற்ற கடைகளில் வெறும் 3. அந்த 12 சதவீதம், அதாவது ₹72 லட்சம் விற்பனை, விளம்பரம் கொண்டுவந்தது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

₹72 லட்சம் விற்பனை என்பது ₹72 லட்சம் வருமானம் இல்லை. கொள்முதல் விலை போக நூற்றுக்கு 15 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது ₹10.8 லட்சம். இந்தப் பொருட்களுக்கு விளம்பரச் செலவு ₹8 லட்சம். லாபம்தான், ஆனால் ₹2.8 லட்சம் மட்டும். டிவி, ஏசி விளம்பரத்துக்குப் போன மீதி ₹10 லட்சத்துக்குக் காட்ட ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பட்ஜெட்டை ₹30 லட்சம் ஆக்கச் சொன்ன சுருக்கத்தில் இது எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது, முடிவை முதலில் கேட்பது:

"பொங்கலுக்கு டிவி, ஏசி விளம்பரத்தை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு மட்டும் ₹8 லட்சம் ஒதுக்க டிசம்பர் 10-க்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும். விளம்பரம் செய்யாத 3 கடைகளோடு ஒப்பிட்டால் டிவி, ஏசி வளர்ச்சி கிட்டத்தட்ட ஒன்றுதான் (40, 38 சதவீதம்); ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினில் மட்டும் 12 சதவீதம் கூடுதல், ₹8 லட்சம் செலவுக்கு ₹10.8 லட்சம் மிஞ்சியது. ஒப்பிட்டது 3 கடைகள்தான், அந்த 12 சதவீதம் உண்மையில் 9-க்குக் கீழே இருந்தால் நஷ்டம், ஆகவே பொங்கலிலும் 3 கடைகளை விளம்பரமில்லாமல் விட்டுச் சரிபார்ப்போம்."

என் ஓட்டு இதற்குத்தான். முதல் வாக்கியத்தில் என்ன, எவ்வளவு, எப்போதுக்குள் என்ற மூன்றும் இருக்கின்றன. அதோடு நிறுத்திவிட்டு போனை வைத்தாலும் எம்.டி. முடிவெடுக்கலாம். இரண்டாவது வாக்கியம் 'ஏன்' என்று கேட்பவருக்கு. மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த வடிவத்துக்காக வாதாடுவேன். 9 சதவீதம் என்ற எல்லை சும்மா வந்ததில்லை. ₹8 லட்சம் செலவு திரும்ப வர, நூற்றுக்கு 15 ரூபாய் மிஞ்சும் கணக்கில் ₹53 லட்சம் கூடுதல் விற்பனை வேண்டும். ₹6 கோடியில் அது 9 சதவீதம். எந்த இடத்தில் தன் பரிந்துரை தவறாகும் என்று எழுதுபவரே சொல்லும்போது, எம்.டி. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க முடிகிறது.

இதிலும் குறைகள் உண்டு. இரண்டாவது வாக்கியம் நீளம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், நீளமான வாக்கியத்தில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்பதே கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். முதல் வாக்கியம் போன் திரையில் மூன்று வரிக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் "பொங்கலுக்கு டிவி, ஏசி விளம்பரம் வேண்டாம்" என்று அதை மட்டும் தனியாக முன்னே வைத்துவிட வேண்டும். இன்னொன்று, எடுக்க முடிவே இல்லாத அறிக்கைக்கு இந்த வடிவம் ஒத்துவராது. ஆண்டு முழுக்க ஒரே அளவில் ஓடும் பெயர்ப் பலகை விளம்பரத்துக்கு வலிந்து ஒரு கோரிக்கையை உருவாக்கினால், அடுத்த முறை உண்மையான கோரிக்கையையும் அவர் பாதிதான் படிப்பார்.

எந்த வடிவத்தில் எழுதினாலும் கணக்கின் அடித்தளம் சரியாக இருக்க வேண்டும். 2024 தீபாவளி அக்டோபர் 31, 2025 தீபாவளி அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால், 2024-இல் மாதம் முழுக்கத் தீபாவளிக்கு முந்தைய நாட்கள். 2025-இல் 11 நாட்கள் தீபாவளி முடிந்த வெறுங்கடை. அதனால் 2025 செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 20 வரையிலான 29 நாட்களை, 2024 அக்டோபர் 3 முதல் 31 வரையிலான 29 நாட்களோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். விற்பனையையும் வரி நீக்கித்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ₹50,000 டிவி ஒவ்வொன்றிலும் ₹5,000 விற்பனை குறைந்ததுபோல் தெரியும்.

ஒப்பிடும் கடைகளைத் தெற்கே தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. மதுரைப் பதிப்பு நாளிதழ் தேனியிலும் விருதுநகரிலும் விற்கும். தேனிக் கடையை 'விளம்பரம் இல்லாத கடை' என்று வைத்தால் அங்கே உள்ளவரும் விளம்பரத்தைப் பார்த்திருப்பார், வித்தியாசம் சுருங்கிவிடும். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் தனிப் பதிப்பு என்பதால் கசிவு குறைவு. பதிலுக்கு, அந்த ஊர்களின் வாங்கும் பழக்கம் மதுரையிலிருந்து கொஞ்சம் மாறுபடும். மூன்றாவது வாக்கியத்தில் '3 கடைகள்தான்' என்று எழுதியதன் முழு அர்த்தம் இது.

சரி, எல்லாக் கடைக்கும் விளம்பரம் செய்துவிட்டார்கள், ஒப்பிட ஒரு கடையும் இல்லை என்றால்? அப்போது கையில் இருப்பது வரி குறைந்த பொருள் 40 சதவீதம், வரி மாறாத பொருள் 15 சதவீதம் என்ற இரண்டு எண்கள்தான். விளம்பரம் எவ்வளவு கொண்டுவந்தது என்பதை இவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. நான் இப்படி எழுதுவேன்:

"பொங்கல் விளம்பர பட்ஜெட்டை இப்போது உயர்த்த வேண்டாம், 3 கடைகளை விளம்பரமில்லாமல் விட ஒப்புதல் வேண்டும். தீபாவளி விற்பனை 25 சதவீதம் ஏறியது, ஆனால் வரி குறைந்த டிவி, ஏசி 40 சதவீதமும் வரி மாறாதவை 15 சதவீதமும் ஏறியதால், இதில் விளம்பரத்தின் பங்கைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த 3 கடைகளில் பொங்கல் விற்பனை கொஞ்சம் குறையலாம், ஜனவரி கடைசியில் பொருள்வாரியாகப் பதில் தருகிறோம்."