ஆறு சதவீத அறிக்கைக்கு ஆறாயிரம் கொடுத்தேன்

பெங்களூரில் மல்லேஸ்வரம் பக்கம் ஒரு நகலகத்தின் மாடியில், ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு நம் கட்டுரைக்கு உள்ள ஒப்புமையைக் குறைத்துத் தரும் அந்தக் கடை இருக்கிறது. "ஒப்புமை 10 சதவீதத்துக்குக் கீழே, உத்தரவாதம்" என்று வாசலில் பலகை. ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கும் யாரும் அந்தப் படியில் ஏறிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் ஆய்வு ஏரிநீரில் உள்ள கன உலோகங்கள் பற்றியது. பட்டம் வாங்கிய கையோடு ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏறிவிட்டது. மூன்றாம் இயலைச் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். 47 சதவீதம் ஒப்புமை இருக்கிறது, குறைத்து அனுப்புங்கள் என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். பதற்றத்தில், கூடவே வந்த ஒப்புமை அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் என் முதல் பிழை.

கடைக்காரர் தமிழர். "கவலையே வேண்டாம் சார், மூன்று நாளில் முடித்துத் தருகிறோம்" என்றார். ஆறாயிரம் ரூபாய், முழுத்தொகையும் முன்பணமாக. சொன்னபடியே மூன்றாம் நாள் கோப்பு வந்தது, கூடவே 6 சதவீதம் என்று காட்டும் அறிக்கையும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு அனுப்பினேன். இரண்டாம் பிழை.

பத்து நாளில் நிராகரிப்பு. இந்த முறை கடிதம் நீளமாக இருந்தது. ஹெவி மெட்டல்ஸ் என்றிருந்த இடமெல்லாம் வெய்ட்டி மெட்டல்ஸ் ஆகியிருந்தது. நீரில் கரைந்த ஆக்சிஜன், தமிழில் சொன்னால், உடைந்துபோன ஆக்சிஜன் ஆகியிருந்தது. கலைச்சொல்லுக்கு அகராதியில் மாற்றுச்சொல் தேடினால் இதுதான் கிடைக்கும். இவற்றுக்காவது சிரிக்கலாம். கடிதத்தின் கடைசிக் கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை: "மாதிரிகளை அமிலமேற்றிய பிறகா வடிகட்டினீர்கள்?"

நான் செய்தது வேறு. ஏரிக்கரையிலேயே நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, அதன் பிறகுதான் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். அளவை 2-க்குக் கீழே இறக்கினேன். கரைந்த உலோகத்தை மட்டும் அளக்க வேண்டுமென்றால் இந்த வரிசை மாறக் கூடாது. அமிலத்தை முதலில் விட்டால் நீரில் மிதக்கும் வண்டல் துகள்களில் ஒட்டியிருக்கும் ஈயமும் காட்மியமும் கரைந்து இறங்கி அளவை ஏற்றிவிடும். கடைக்காரர் வாக்கியத்தின் முன்பாதியைப் பின்னால் தள்ளியிருக்கிறார், ஒப்புமை குறைய வேண்டுமே. விளைவாக என் அட்டவணை முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

அன்றிரவு கோப்பில் `cadmium` என்று தட்டித் தேடினேன். பக்கத்துக்குப் பக்கம் இருக்க வேண்டிய சொல், நான்கு இடத்தில் மட்டும் சிக்கியது. மற்ற இடங்களில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக, அச்சு அசலாக அதே தோற்றமுள்ள ரஷ்ய எழுத்தை நுழைத்திருந்தார்கள். 6 சதவீதத்தின் ரகசியம் இதுதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாது. இப்படிப்பட்ட எழுத்துகளை அடையாளம் காட்டும் மென்பொருளும் இருக்கிறது. அதில் சிக்கினால் திட்டமிட்ட ஏமாற்று என்றே எடுத்துக்கொள்வார்கள், கடைக்காரர் செய்தார் என்று சொல்லித் தப்ப முடியாது.

எங்கள் ஆய்வகத்தில் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர் இருக்கிறார். முதல் அறிக்கையை வாங்கி, மொத்த எண்ணை விட்டுவிட்டு மூலங்களின் பட்டியலுக்குப் போனார். 47-இல் 39 ஒரே மூலத்திலிருந்து: என் சொந்த ஆய்வேடு. மீதி எட்டும் துண்டு துண்டாக, பல இடங்களிலிருந்து. "உன் ஆய்வேட்டோடுதானேடா உன் கட்டுரை ஒத்துப்போகிறது, இதற்கு எதற்குக் கடைக்காரன்?" என்றார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் வரும் 10 சதவீதத்தை நாம் எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொண்டு போகிறோம். அது நம் உயர்கல்வி நிறுவனங்களுக்கான அளவு, உலகத்து ஆய்விதழ்கள் அனைத்துக்கும் அல்ல. ஆய்வேட்டை ஏற்கெனவே வெளியான படைப்பாகக் கருதாத இதழ்கள் நிறைய உண்டு. எல்லாம் அப்படி இல்லை என்பதால் இதழின் விதியைப் படித்து, தெளிவில்லையென்றால் இதழாசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பிறகு அக்கா சொன்னபடி செய்தேன். இது என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து உருவானது என்று கட்டுரையின் அடிக்குறிப்பிலும் இதழாசிரியருக்கான கடிதத்திலும் எழுதினேன், ஷோத்கங்கா இணைப்போடு. அந்த ஒரு மூலத்தை விலக்கி ஒப்புமை பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். செய்முறையில் வரிசையும் அளவுகளும் அப்படியே நின்றன, விரிவுக்கு ஆய்வேட்டை மேற்கோள் காட்டினேன். முன்னுரையை மட்டும் பழைய பக்கத்தை மூடிவைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஆய்வேட்டில் இருபது பக்க இலக்கிய மீளாய்வு இருந்தது. கட்டுரைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கேள்வியும் அதைத் தொட்ட ஏழெட்டு ஆய்வுகளும்தான். பெரும்பகுதி ஒப்புமை அங்கேயே உதிர்ந்துவிட்டது. வேறொரு இதழில் இப்போது மதிப்பீட்டாளர்களிடம் இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். கடைக்காரர் என் அறிக்கையைத் திரையில் திறந்து காட்டினார். "சதவீதம் குறைந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் சார்."