ராமன் விளைவு உரையைக் கரோசலாக்க மூன்று வழிகள்: எதில் அறிவியல் தப்பிப் பிழைக்கிறது?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதையொட்டிப் பல கல்லூரிகளின் இயற்பியல் மன்றங்களில் ராமன் விளைவு பற்றி ஓர் உரை நடக்கும். உரை முடிந்த கையோடு, அதை இன்ஸ்டாகிராமில் ஸ்வைப் செய்து படிக்கிற கரோசலாகப் போடும் வேலை யாராவது ஒரு மாணவர் தலையில் விழும். அவருக்கு முன்னால் இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பேச்சாளரின் ஸ்லைடுகளையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை. அவை அகலவாக்கில் இருப்பவை. போன் திரையில் ஒரு பட்டைபோலச் சுருங்கிவிடும், வரைபடத்தின் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. மிச்சம் இருப்பவை மூன்று: உரையின் வரிசையிலேயே சுருக்குவது, ஒவ்வொரு கார்டும் தனியாக நிற்கும் துணுக்குகளாக்குவது, ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போவது.

எந்த வழி நல்லது என்பதை நான் ஓர் இடத்தை வைத்துத்தான் முடிவு செய்வேன். ராமன் பற்றிய உரைகளில் கடலின் நீலம் தவறாமல் வரும், ராமன் விளைவும் வரும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் இல்லை. நேரில் கேட்பவருக்குப் பேச்சாளர் சொல்லும் ‘ஆனால்’, ‘அதன் பிறகு’ போன்ற சொற்கள் அதைப் புரியவைத்துவிடும். கார்டாக வெட்டும்போது முதலில் காணாமல் போவது அந்தச் சொற்கள்தான்.

உரையின் வரிசையில் சுருக்குவது எளிது, சீக்கிரமும் முடியும். குறிப்பெடுத்தவரே மாலைக்குள் கார்டு செய்துவிடலாம். பிறப்பு, படிப்பு, 1921 கப்பல் பயணம், 1928 கண்டுபிடிப்பு, உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன், 1930 நோபல் பரிசு, இன்றைய பயன்பாடுகள் என்று எதுவும் விட்டுப்போகாது. உரைக்கு வந்தவர்களுக்கு இது நல்ல நினைவுக் குறிப்பு. வராதவருக்கு முதல் மூன்று கார்டும் வாழ்க்கை வரலாறாகவே போய்விடும், அதற்குள் விரல் அடுத்த பதிவுக்குத் தாவியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், நான்காவது கார்டில் கடல் நீலமும் ஐந்தாவதில் ராமன் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. கார்டில் தப்பாக ஒன்றும் எழுதியிருக்காது. ஆனாலும் படிப்பவர் மனம் இரண்டையும் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

துணுக்கு வழியில் அந்தத் தப்பு எழுத்திலேயே வந்துவிடும். ஒவ்வொரு கார்டும் தனியாக நிற்க வேண்டுமென்றால் ஒரே வாக்கியத்தில் காரணத்தையும் விளைவையும் சொல்லியாக வேண்டும். ‘கடல் நீலமாக இருப்பதற்குக் காரணம் ராமன் விளைவு!’ என்ற கார்டு இப்படித்தான் பிறக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், நிறையப் பேர் பகிர்வார்கள், இயற்பியல் தப்பு. ஆனால் உரைக்கு முந்தைய நாள் ஸ்டோரியில் ஆர்வம் கிளப்ப இந்த வடிவம் நன்றாகவே பயன்படும். அங்கே விடையை எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதினால் போதும்.

மூன்றாவது வழிதான் என் தேர்வு. இதற்கு உழைப்பு அதிகம். உரையின் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு, பேச்சாளர் ‘ஆனால்’, ‘அதனால்’, ‘அப்படியென்றால்’ என்று திரும்பும் இடங்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கார்டு மாற வேண்டிய இடங்கள் அவைதான். அந்தத் திருப்பச் சொல்லை அடுத்த கார்டின் முதல் சொல்லாகவே வைத்துவிடலாம். ராமன் உரையை இப்படி வெட்டினால் கார்டுகள் கீழ்க்கண்டவாறு வரும்.

முதல் கார்டில் ஒரே வரி: கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதானா? இரண்டாவதில், ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே அப்படித்தான் நினைத்தார் என்ற செய்தி. மூன்றாவது கார்டு ‘ஆனால்’ என்று தொடங்கும்: 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய ராமனுக்கு மத்தியதரைக் கடலின் அடர்நீலத்தைப் பார்த்து அதில் சந்தேகம் வந்தது. நான்காவதில் அவர் செய்த சோதனை. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது ஒரே தளத்தில் அதிர்வதாக இருக்கும். நிக்கோல் பட்டகத்தைக் கண்ணருகே வைத்துச் சுழற்றினால் அந்த ஒளியை மட்டும் தடுத்துவிடலாம். இந்தக் கார்டுக்குப் படம் கட்டாயம் வேண்டும்: நீர்ப்பரப்பு, சாய்ந்து வரும் கதிர், பட்டகம், கண், அவ்வளவு போதும். ஐந்தாவது ‘அப்படியும்’ என்று தொடங்கும்: தெறிப்பைத் தடுத்த பிறகும் நீலம் போகவில்லை. எனவே அந்த நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது.

ஆறாவது கார்டில் கல்கத்தா. திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ராமனும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ஏழாவதில் 1928 பிப்ரவரி 28: சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு, தோராயமாகக் கோடியில் ஒன்று என்ற அளவில், அலைநீளம் மாறி வருகிறது. அதுதான் ராமன் விளைவு.

எட்டாவது கார்டுக்காகத்தான் இந்த வழியே வேண்டும் என்கிறேன். ‘அப்படியென்றால் கடலின் நீலம் ராமன் விளைவா? இல்லை. நீர் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சிக்கொள்கிறது, நீலத்தைக் குறைவாக. எஞ்சிய ஒளி சிதறித் திரும்பும்போது நீலம் தெரிகிறது. கடல் எழுப்பிய கேள்வி ராமனைச் சிதறல் ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனது. அங்கே கிடைத்தது வேறொன்று.’ கண்டுபிடிப்புக்கு அடுத்த கார்டிலேயே இது இருப்பதால், படிப்பவர் தப்பாக முடிச்சுப் போட நேரமே இல்லை.

இந்த வழிக்கும் விலை உண்டு. நோபல் பரிசு, மாத்திரை முதல் ரத்தினக்கல் வரை அடையாளம் காண உதவும் ராமன் நிறமாலையியல், வாழ்க்கை வரலாறு எல்லாமே வெளியே போய்விடும். இன்ஸ்டாகிராம் 20 கார்டு வரை விடுகிறதே, இதிலேயே சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சேர்த்தால் எட்டாவது கார்டு நடுவில் புதைந்துவிடும். பயன்பாடுகளை இன்னொரு கரோசலாகப் போடுவதே மேல்.

வடிவமைப்பில் எந்த வழிக்கும் பொதுவான ஓரிரு செய்திகள். கார்டின் அளவு 1080க்கு 1350 பிக்சல் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் ஒரு கார்டில் 30 சொல்லுக்கு மேல் போனால் எழுத்து சுருங்கும். மேலே சுழியும் கீழே கொக்கியும் இருக்கிற எழுத்துகள் என்பதால் வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் ‘தூ’வின் வாலும் அடுத்த வரியின் ‘கீ’யும் ஒட்டிக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பில் செய்பவர்கள், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி நின்றால் எழுத்துரு மேல் குற்றமில்லை. பத்தி அமைப்பில் World-Ready Layout என்பதைத் தேர்வு செய்தால் சரியாகிவிடும்.

சரி, பேச்சாளரிடம் எப்போது காட்டுவது? வடிவமைத்து முடித்த பிறகு காட்டினால் அவர் தயங்குவார், நீங்களும் மாற்றச் சலித்துக்கொள்வீர்கள். எட்டு கார்டின் வாசகத்தையும் வெறும் எழுத்தாக வாட்ஸாப்பில் அனுப்பி, “இதில் நீங்கள் சொல்லாத ஒரு காரணத்தை நாங்கள் எங்காவது சொல்லியிருக்கிறோமா, சார்?” என்று மட்டும் கேளுங்கள். ‘சரியா இருக்கா’ என்று கேட்டால் மேலோட்டமாகப் பார்த்து ‘சூப்பர்’ என்று பதில் வரும். இப்படிக் கேட்டால் வரி வரியாகப் பார்ப்பார்.