ஹரி ராயா காலையில் எந்த வாழ்த்து?

எதிர்வீட்டு மக்சிக்குக்கு நோன்புப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல, இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

ஒன்று, 'செலாமத் ஹரி ராயா'. 'பெருநாள் வாழ்த்துகள்' என்பதுதான் பொருள். சொல்பவர் யாரென்று அது கேட்பதில்லை. நம் புளோக்கில் சீனர்களும் தமிழர்களும் லிஃப்டில் கூசாமல் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, இணையத்தில் கிடைத்த அரபு வாழ்த்து: 'தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்'. கேட்க அழகு. ஆனால் பொருளைப் பாருங்கள்: 'எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.' ஏற்க வேண்டியது ரமலான் வழிபாடு. நான் ஒரு நாள்கூட நோன்பிருக்கவில்லை. அந்த 'எங்களிடமிருந்தும்' என் வாயில் பொய்யாகிவிடும். மக்சிக் தவறாக நினைக்கமாட்டார், சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் உறுத்தும்.

இடையில் 'மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின்' இருக்கிறது. வெளிப்படையாகவும் மனத்தளவிலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பது. இதற்கு நோன்பு தேவையில்லை, மன்னிப்புக் கேட்கும் மனம் போதும். போன மாதம் என் வீட்டுத் துளையிடும் சத்தம் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் 'செலாமத் ஹரி ராயா'வோடு இதையும் சேர்த்தேன்.

கீழ்மாடித் தமிழ் முஸ்லிம் அண்ணனிடம் மலாய் எதற்கு? 'பெருநாள் வாழ்த்துகள், அண்ணே' என்றேன்.