சுறாப்புட்டும் தாளிப்பும் ஸ்பானிய மொழியில்: ஓராண்டுக்குப் பின்

புதுச்சேரியில் நாங்கள் நடத்தும் சிறிய உணவகத்தில் ஸ்பானிய மொழி உணவுப்பட்டியலை வைத்து ஓராண்டுக்கு மேலாகிறது. ஆங்கிலப் பட்டியலைக் கொடுத்து வெளியில் மொழிபெயர்த்து வாங்கிய முதல் வடிவத்தில், தாளித்தது என்பதற்கு 'தெம்ப்லாதோ' என்று இருந்தது. ஆங்கிலத்தில் தாளிப்பை 'டெம்பரிங்' என்கிறோம் அல்லவா, அதை அப்படியே மாற்றியதன் விளைவு அது. உணவைப் பொறுத்தவரை அந்த ஸ்பானியச் சொல்லுக்கு 'வெதுவெதுப்பானது' என்றே பொருள். கொதிக்கக் கொதிக்கப் பரிமாறும் ரசம் பட்டியலில் பாதி ஆறிப்போயிருந்தது.

அடுத்து, 'சொஃப்ரீத்தோ' என்று போடலாமே என்றார் ஸ்பானியம் கற்பிக்கும் நண்பர். அது வெங்காயம், பூண்டு, தக்காளியை எண்ணெயில் நிதானமாக வதக்கிச் சமையலைத் தொடங்கும் முறை என்பதால், குழம்புக்கு நாம் வதக்குவதற்குப் பெரும்பாலும் பொருந்தும். கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் பொரித்துக் கொட்டுவதற்குப் பொருந்தாது. எனவே தாளிப்புக்கு ஒற்றைச் சொல் தேடுவதை விட்டுவிட்டு, 'எண்ணெயில் பொரித்த கடுகும் கறிவேப்பிலையும் இறுதியில் சேர்த்தது' என்று ஸ்பானியத்தில் விரித்தே எழுதினோம். நீளம்தான், ஆனால் அதன்பின் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

சுறாப்புட்டு வேறு விதமான சிக்கல். 'புட்டு' என்பதை ரோமன் எழுத்தில் படிக்கும் ஸ்பானியருக்கு அது ஒரு வசைச்சொல்லை ஒட்டி ஒலிப்பதால், பெயரைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அதற்காகப் பெயரை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கீழே உள்ள விளக்கம்தான் முக்கியம். பொதுவாகச் சுறாவைக் குறிக்கும் 'திபுரோன்' என்ற சொல்லைப் பார்த்தவர்கள் தயங்கினார்கள். உணவாகும் சிறு சுறாவுக்கு ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் வழங்கும் 'காசோன்' என்ற சொல்லைப் போட்ட பிறகு தயக்கம் குறைந்தது. மஞ்சள் சேர்த்து வேகவைத்துத் தோலுரித்து, நீரைப் பிழிந்து உதிர்ப்பதைச் சொல்ல, உதிர்த்தது என்று பொருள்படும் 'தெஸ்மெனுசாதோ' அங்கே தயாராகவே இருக்கிறது. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையுடன் வதக்கியது என்பதையும் சேர்த்தால் உணவு கண்முன் வந்துவிடுகிறது.

இறாலுக்கு மட்டும் இரண்டு சொற்களையும் போட வேண்டியிருந்தது: ஸ்பெயினில் 'கம்பாஸ்', லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் 'கமரோனெஸ்'.

இன்னும் முழுமையாகத் தீராதது மீன்குழம்புதான். சூப்பு என்று எழுதினால் கிண்ணத்தோடு கரண்டியால் குடிக்கிறார்கள். 'கீசோ' என்று எழுதினால் துண்டுகள் நிறைந்த கெட்டியான பண்டத்தை எதிர்பார்க்கிறார்கள். இப்போது 'மீன் சேர்த்த புளிச்சாறு, சோற்றில் பிசைந்து உண்பதற்கு' என்று எழுதியிருக்கிறோம். சோறு தனியாகக் கேட்க வேண்டுமா, குழம்போடு வருமா என்ற கேள்வி மட்டும் பரிமாறுபவரிடம் இன்றும் வருகிறது. அடுத்த அச்சில் அதையும் அந்த வரியிலேயே சேர்க்கப்போகிறோம்.