விலைப்பட்டியலைச் சின்ன ஃபைலாகக் கொடுக்க மூன்று வழிகள்

மருதமுனையில் கைத்தறிச் சாறியும் சாரமும் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஆட்கள் இறக்கிக்கொள்ள அங்கே மூன்று ஃபைல்கள் வேண்டும்: நான்கு பக்க விலைப்பட்டியல், 12 படங்கள் உள்ள கையேடு, ஒரு பக்க ஓடர் போம். பார்ப்பவர் போனில்தான் பார்ப்பார், அதுவும் டேட்டா காசு கொடுத்து. இந்த ஃபைல்களைச் செய்ய கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் பழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று: அச்சடித்த தாளைப் போனில் ஸ்கேன் பண்ணுவது, பெரிய ஃபைலைப் பிறகு அமுக்குவது, வேர்டிலிருந்து நேரே பிடிஎப் எடுப்பது.

முதலாவது எல்லோருக்கும் கைவந்தது. ஆனால் ஸ்கேன் பண்ணிய பக்கம் ஒரு படம்தான். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளிகள். ஒரே ஒரு வரி இருந்தாலும் வெள்ளைத் தாள் முழுவதும் படமாகவே சேமிக்கப்படும். கலரில் எடுத்தால் நான்கு பக்கமும் சேர்ந்து சில மெகாபைட் ஆகிவிடும். உள்ளே எழுத்து இல்லாததால் "சாரம்" என்று தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

"தம்பி, இதைக் கொஞ்சம் சின்னனாக்கித் தாங்க" என்று கடைக்காரர் கேட்கும்போது பலர் போவது இரண்டாவது வழிக்கு. பிடிஎப்பை அமுக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் கணினியில் இருந்தால் ஒரு வரி போதும்:

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook -dNOPAUSE -dBATCH -sOutputFile=small.pdf big.pdf
```

இதில் `/ebook` என்பது கலர்ப் படங்களை 150 டிபிஐ அளவுக்கு இறக்கும். இன்னும் சின்னதாக வரட்டும் என்று `/screen` போட்டால் 72. தமிழில் வில்லங்கம் இங்கேதான். 72 டிபிஐயில் ஒரு புள்ளி தாளில் 0.35 மில்லிமீட்டர். சாதாரண அளவு எழுத்தில் மெய்யெழுத்தின் குற்று ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே அது பக்கத்துக் கோட்டோடு கலங்கி மறைந்துவிடும். "பட்டு" என்பது "படடு" ஆகும். குற்று போனாலும் வாசகர் ஊகித்துக்கொள்வார் என்று வைப்போம். ஆனால் 1,850 என்பது 1,350 போலத் தெரிந்தால் கடைக்காரருக்குத்தான் சண்டை. 150க்குக் கீழே போகாதீர்கள். ஃபைலை வெளியே விடமுன் போனில் பெரிதாக்கி, மெய்யெழுத்து நிறைய உள்ள ஒரு வரியையும் விலை நிரலையும் பாருங்கள்.

மூன்றாவது வழிதான் என் தெரிவு. வேர்டில் யூனிகோட் எழுத்தில் அடித்து, பிடிஎப்பாகச் சேமிக்கும்போது "Minimum size" என்பதைத் தெரிவு செய்தால், படமில்லாத நான்கு பக்கம் பெரும்பாலும் ஒரு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து கூராகவே நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தாலும் ஃபைல் சின்னதாகத்தான் வரும், பார்க்கவும் நன்றாயிருக்கும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து என்பதால் தேடலில் அகப்படாது. ஒரு சொல்லைக் கொப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் கையேடு. போனில் எடுத்த படம் 4000 புள்ளி அகலம் என்று வையுங்கள். அதைப் பக்கத்தில் 6 சென்டிமீட்டர் அகலத்தில் போட்டால், 150 டிபிஐக்குத் தேவை வெறும் 354 புள்ளி. வேர்டில் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினாலும் உள்ளே 4000 அப்படியே இருந்துவிடக்கூடும். அப்படி ஒரு படம் 3 மெகாபைட் என்றால் 12 படத்துக்கு 36. அதனால் படத்தைப் போடுவதற்கு முன்பே குறைப்பது நல்லது. ஆனால் துணி வாங்குகிறவர் கரையின் நெசவைப் பெரிதாக்கிப் பார்ப்பார், ஆகவே நான் 700 புள்ளி அகலம் வரை விடுவேன். ஜேபெக்காகச் சேமித்தால் படமொன்று ஏறத்தாழ 100 கிலோபைட், முழுக் கையேடும் ஒன்றரை மெகாபைட்டுக்குள் வரும். லிப்ரே ஆபிஸில் செய்பவர்களுக்கு ஏற்றுமதிப் பெட்டியிலேயே "Reduce image resolution" இருக்கிறது.

விலைப்பட்டியலைக் கையேட்டோடு ஒட்டாதீர்கள். நூல் விலை ஏறினால் மாறுவது அந்த நான்கு பக்கம்தான். அதற்காகப் பழைய வாடிக்கையாளர் படங்களையும் திரும்ப இறக்க வேண்டியதில்லை.

ஓடர் போம் விடயத்தில் மட்டும் ஸ்கேனுக்கு இடம் உண்டு. பழைய போமின் தாள் மட்டும்தான் கையில் இருக்கிறது, திரும்ப அடிக்க ஆளில்லை என்றால், கொமியூனிகேஷன் கடை ஸ்கேனரில் கலரும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், தனிக் கறுப்பு வெள்ளையில் 300 டிபிஐ என்று கேளுங்கள். அப்படி எடுத்த பக்கம் பெரும்பாலும் 100 கிலோபைட்டைத் தாண்டாது, பிரிண்ட் எடுத்தாலும் கட்டங்கள் தெளிவாக விழும். மங்கலாக அச்சான தாளில் குற்றுகள் விடுபடலாம். விடுபட்டால் ஸ்கேனரில் கருமையைக் கொஞ்சம் கூட்டி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.