காலை 6 மணிப் பதிவு 11:30-க்குப் போனது: வேர்ட்பிரஸ் ஷெட்யூலிங், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

போட்டித் தேர்வு எழுதுவோருக்கான எங்கள் தளத்தில் தினமும் காலை 6 மணிக்கு ஒரு பதிவு வெளியாகும். முந்தைய நாள் இரவே எழுதி, வேர்ட்பிரஸில் நேரம் குறித்து வைத்துவிடுவோம். அது வெளியானதும் டெலிகிராம் சேனலுக்கும் தானாகவே செய்தி போய்விடும். சின்னக் குழு என்பதால் இந்த வசதி இல்லாமல் எங்களால் நடத்தவே முடியாது.

சிக்கல் வந்தது ஒரு குரூப் 4 தேர்வு நாளில். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கருப்பு மை பேனா என்று கையில் இருக்க வேண்டியவற்றின் பட்டியல்தான் அன்றைய பதிவு. தேர்வு 9:30-க்குத் தொடங்கியது. பதிவு போனதோ 11:30-க்கு, படிக்க வேண்டியவர்கள் எல்லாரும் தேர்வறைக்குள் இருந்த நேரத்தில். "காலையில தேடினேன், வரவே இல்லையே அக்கா" என்று மாலையில் ஒரு மாணவி எழுதியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

தளத்தைத் திறந்து பார்த்தால் பதிவின் கீழே "காலை 6:00" என்றுதான் இருந்தது. குறித்து வைத்த நேரத்தைத்தான் பக்கம் காட்டும், உண்மையில் வெளியான நேரத்தை அல்ல. டெலிகிராமில் செய்தி வந்த நேரம்தான் உண்மையைச் சொன்னது: 11:30. சரியாக ஐந்தரை மணி நேரத் தாமதம். இந்தியாவில் யாருக்காவது இப்படித் துல்லியமாக 5:30 மணி நேரம் தவறினால் வேறெங்கும் தேட வேண்டாம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் தளம் ஓடுகிறது என்று அர்த்தம்.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றியிருந்தோம். வேர்ட்பிரஸின் எக்ஸ்போர்ட் கோப்பில் பதிவுகள் வரும், நேர மண்டலம் போன்ற அமைப்புகள் வராது. புதிதாக நிறுவிய தளம் யுடிசியிலேயே இருந்தது. `Settings → General` பக்கத்தில் `Timezone` என்பதை `Kolkata` என்று மாற்றினோம். உள்ளூர் நேரம் சரியாகத் தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் பதிவும் 11:30-க்குத்தான் போனது.

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரங்களைச் சேமிக்கிறது. `post_date` நம் கண்ணுக்குத் தெரியும் உள்ளூர் நேரம். `post_date_gmt` யுடிசி நேரம். வெளியிடுவதை முடிவு செய்வது இரண்டாவதுதான். நேர மண்டலத்தை மாற்றினாலும், ஏற்கெனவே வரிசையில் நிற்கும் பதிவுகளின் `post_date_gmt` மாறாது. திரையில் 6:00 என்று சரியாகத் தெரியும், உள்ளே பழைய கணக்கே ஓடும். சந்தேகம் இருந்தால் சர்வரில் வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான WP-CLI கொண்டு இதை ஓட்டிப் பாருங்கள்:

```
wp post list --post_status=future --fields=ID,post_title,post_date,post_date_gmt
```

இரண்டு நேரங்களுக்கும் இடையில் ஐந்தரை மணி நேரம் இருக்க வேண்டும். எங்கள் வரிசையில் இரண்டும் 06:00 என்றே இருந்தன. பதிவைத் திறந்து அப்படியே சேமித்தால் போதாது. தேதி மாறவில்லை என்றால் எடிட்டர் அதைத் தொடுவதில்லை. நேரத்தை 6:01 என்று மாற்றிச் சேமித்தோம், இரண்டும் புதிதாகக் கணக்கிடப்பட்டன.

சில நிமிடங்களோ, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு அளவிலோ தாமதமானால் காரணம் வேறு. யாராவது தளத்துக்கு வந்தால்தான் வேர்ட்பிரஸ் தன் கடிகாரத்தைப் பார்க்கும். விடியற்காலையில் ஆள் வராத தளத்தில் 6 மணிப் பதிவு முதல் வாசகர் வரும்வரை காத்திருக்கும். அதற்கு `wp cron event run --due-now` என்ற கட்டளையை, குறித்த இடைவெளியில் வேலைகளை ஓட்டும் சர்வரின் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டோம். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஷெட்யூலிங்கை நான் பரிந்துரைக்கிறேன். அன்றாடப் பதிவுகளுக்கு இது நம்பகமானது. குறை என்று சொன்னால், குறித்த நேரத்தில் பதிவு போகவில்லை என்று அது நமக்குத் தானாக வந்து சொல்லாது. அதனால் குழுவில் இரண்டு பழக்கங்கள் வந்தன. சர்வர் மாற்றியதும் பத்து நிமிடம் தள்ளி ஒரு சோதனைப் பதிவு குறித்து வைத்து, டெலிகிராமில் வந்து சேரும்வரை ஒருவர் காத்திருப்பார். இன்னொன்று, குறிப்பிட்ட நேரம் தாண்டினால் பயனற்றுப் போகும் எதையும் காலைக்கு வைப்பதில்லை. தேர்வு நாள் பட்டியல் இப்போது முந்தைய மாலை 7 மணிக்கே போகிறது. அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் விழித்திருக்கிறோம், பேனா வாங்கக் கடையும் திறந்திருக்கிறது.