பிளஸ் டூ முடித்த பையன் முன் மூன்று வழிகள்: ரயில்வே அப்ரண்டிஸ், ஐ.டி.ஐ., கம்பெனி டிரெய்னி

காரைக்குடி பக்கம் கல்லலில் இருக்கும் என் அக்காள் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தபோது, அவன் முன் மூன்று வழிகள் இருந்தன. பெரம்பூர் பணிமனைக்குப் புதியவர்களை அப்ரண்டிஸ்களாக எடுக்கும் தெற்கு ரயில்வேயின் அறிவிப்பு ஒன்று. காரைக்குடி அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் படிப்பு இன்னொன்று. மூன்றாவது, சென்னைப் புறநகர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் ஒப்பந்ததாரர் தந்த 'டிரெய்னி' கடிதம். மாதம் 16,000 ரூபாய், கேன்டீன் சாப்பாடு, பேருந்து எல்லாம் உண்டு. "பதினாறாயிரத்தை விட்டுட்டு ஏழாயிரத்துக்கு எதுக்குப்பா போகணும்?" என்று அக்கா கேட்டாள்; நியாயமான கேள்விதான்.

ஏழாயிரம் என்பது அப்ரண்டிஸ் விதிகளின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அப்ரண்டிஸுக்கு வகுத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை. பத்தாம் வகுப்பு மட்டும் என்றால் 6,000. இரண்டாம் ஆண்டில் பத்து விழுக்காடு கூடும். ஆகவே ரயில்வேயில் ஃபிட்டருக்கான இரண்டாண்டுப் பயிற்சியில் அவன் கைக்கு 84,000, பிறகு 92,400 என மொத்தம் 1,76,400 ரூபாய் வரும். தங்குமிடம் அவன் பொறுப்பு. சென்னையில் உறவினர் வீடு இல்லாத பையனுக்கு அறை வாடகையும் மெஸ் செலவுமே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

ஒப்பந்ததாரரின் கடிதமோ ஓராண்டிலேயே 1,92,000 ரூபாய் தருகிறது. அதை நான் இரண்டு முறை படித்தேன். 'பயிற்சிக் காலம் 12 மாதம்' என்றிருந்ததே தவிர, எந்தத் தொழிலில் பயிற்சி என்ற வரியே இல்லை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படியான பயிற்சி என்றால் நிறுவனத்துக்கும் பையனுக்கும் (வயது வராதவன் என்றால் பெற்றோருக்கும்) இடையே ஒப்பந்தம் கையெழுத்தாகி, apprenticeshipindia.gov.in தளத்தில் பதிவாகி, அதற்கு எண்ணும் இருக்க வேண்டும். தொழிலின் பெயரும் கால அளவும் அதில் இருக்கும். அனுமதியில்லாமல் ஓவர்டைம் வாங்க முடியாது, பி.எஃப். பிடித்தமும் கிடையாது. எனவே சம்பளத் துண்டில் பி.எஃப். பிடித்திருந்தால் அவன் தொழிலாளி, பெயர் மட்டுமே டிரெய்னி. அதில் தவறில்லை, அது வேலைதான். பி.எஃப்.பும் இல்லை, ஒப்பந்தப் பதிவு எண்ணும் இல்லை என்றால்தான் அஞ்ச வேண்டும். அவன் எந்தக் கணக்கிலும் சேராத ஆள்.

பதிவான ஒப்பந்தத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபிட்டர், வெல்டர் போன்றவை அரசு வரையறுத்த தொழில்கள்; அவற்றுக்கு அகில இந்தியத் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்ளும் 'விருப்பத் தொழில்' என்ற வகையும் இருக்கிறது. அந்த வகையில் ஓராண்டு முழுக்கக் காற்றுத் துப்பாக்கியால் அதே நான்கு போல்ட்டுகளை முடுக்கிவிட்டு வந்த பையன்களை நான் அறிவேன். ரயில்வேயின் கடைநிலையான லெவல் 1 பணியிடங்களில் 20 விழுக்காடு அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது என்றாலும், அதற்குச் செல்லுபடியாவது அரசு வரையறுத்த தொழிலுக்கான சான்றிதழ்தான். அந்த ஒதுக்கீடும் தேர்வில் தேறினால்தான். பயிற்சி தந்த நிறுவனமே வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

மிச்சம் இரண்டு வழிகள். ஐ.டி.ஐ.யில் முதலில் இரும்புக் கட்டையை அரத்தால் ராவிச் சதுரமாக்குவார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடுக்கில் தெரியும் கீற்றொளி மறைகிற வரை ராவிக்கொண்டே இருக்க வேண்டும். ரயில்வேயும் புதியவனுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுத்துத்தான் பணிமனைக்குள் விடும். கைப்பழக்கத்தில் பெரிய வேற்றுமை இருக்காது. வேற்றுமை பிற்பாடு தெரியும். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அல்லது ஓராண்டு மட்டும் அப்ரண்டிஸாக இருந்து சான்றிதழை வாங்கலாம். பண நிலவரம்: அரசு ஐ.டி.ஐ. உதவித்தொகை மாதம் 750, அரசுப் பள்ளியில் படித்ததால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் 1,000. இரண்டாண்டுக்கு அதிகபட்சம் 42,000, அடுத்த ஓராண்டு 7,000 வீதம் 84,000, ஆக மூன்றாண்டில் 1,26,000. குறைவுதான், ஆனால் முதல் இரண்டாண்டும் வீட்டுச் சாப்பாடு. அந்நாளில் செட்டிநாட்டார் வைத்திருந்த பர்மா வட்டிக்கடைக்குத் தொழில் பழகப் போன பெட்டியடிப் பையனும் சம்பளத்தை நம்பியா போனான்!

எங்கள் வீட்டுக் கணக்கில் ஐ.டி.ஐ. வென்றது. சென்னையில் தங்க இடமிருந்து, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணும் இருந்திருந்தால் ரயில்வேயைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு வருடம் மிச்சம். ரயில்வே அப்ரண்டிஸுக்கு வயது வரம்பு 22, ஐ.டி.ஐ. முடித்தவர்க்கு 24. ஆகையால் பொறுத்திருக்கவும் அவனுக்கு இடமுண்டு.

ஐ.டி.ஐ.க்குப் பிறகான அந்த ஓராண்டை எங்கே கழிப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம்தான் அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைகளுக்கு அது விருப்பம். செட்டிநாட்டுப் பட்டறைகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. திருச்சிக்குப் போனால் பொன்மலை ரயில்வே பணிமனையும் பெல் தொழிற்சாலையும் உண்டு. மாமன் என்ற முறையில் காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் பேசியிருக்கிறேன். பதிவு, ஒப்பந்தம் என்றதும் "யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறார்.